மிச்சம் போடும் முன்... ஒரு நிமிடம்!

“நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் விளையாடிட்டு இருந்துச்சு டாக்டர். காலையில பார்த்தா எழுந்திரிக்கவே மாட்டேங்குது.”

நாய், பூனை வளர்ப்பவர்கள் மருத்துவமனைக்கு ஓடி வந்து சொல்லும் முதல் வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். “நேத்து என்ன கொடுத்தீங்க?” என்று மருத்துவர் கேட்பார். “புதுசா ஒண்ணும் கொடுக்கலையே... வழக்கமா நாங்க சாப்பிடுறதுதான்” என்று பதில் வரும். சிக்கல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நாம் தினமும் சாப்பிடும் சில உணவுகள் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. சாக்லேட் ஆகாது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். திராட்சையும் வெங்காயமும் ஆகாது என்பது அவ்வளவாகத் தெரியாது. இந்த மூன்றும் உடலுக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை. சாக்லேட் இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது, திராட்சை சிறுநீரகத்தை, வெங்காயம் ரத்தத்தை. தாக்கும் வேகமும் வேறு. ஒன்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று ஓரிரு நாளில் தெரியும். மூன்றாவது, சாப்பிட்டதையே நாம் மறந்துபோன பிறகு வந்து நிற்கும். ‘சாப்பிட்டு ஒரு நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே’ என்ற நம்பிக்கை ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான்.

சாக்லேட்: கணக்கு எடையில் இருக்கிறது

கோகோ விதையில் தியோபுரோமின் என்றொரு பொருள் இருக்கிறது. காபியில் உள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. மனித உடல் இதைச் சில மணி நேரங்களில் உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் கல்லீரலுக்கு அந்த வேகம் கிடையாது. ரத்தத்தில் ஏறிய தியோபுரோமின் பாதியாகக் குறையவே நாய்க்குச் சுமார் 17 மணி நேரம் ஆகிறது. அதுவரை இதயத்தையும் மூளையையும் அது முடுக்கிவிட்டுக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? நாயின் எடை, சாக்லேட்டின் வகை, தின்ற அளவு மூன்றும் தெரிந்தால் இதைக் கணக்கிட்டுவிடலாம். தோராயமாக, ஒரு கிராம் மில்க் சாக்லேட்டில் 2 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும். டார்க் சாக்லேட்டில் 5 மில்லிகிராம். கேக் செய்ய வாங்கி வைக்கும் கோகோ பவுடரில் 20 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல். வெள்ளைச் சாக்லேட்டில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால் வாந்தி, பேதி, அமைதியின்மை தொடங்கும். 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம்.

வீட்டில் 6 கிலோ எடையுள்ள பொமரேனியன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தநாள் விருந்து நடந்த இரவு, டீப்பாய் மேல் இருந்த 100 கிராம் சாக்லேட் பட்டையை அது முழுதாகத் தின்றுவிட்டது. அது மில்க் சாக்லேட் என்றால் உள்ளே போனது 200 மில்லிகிராம். கிலோவுக்கு 33. வாந்தி எடுக்கும், தண்ணீராகக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், இரவெல்லாம் படுக்காமல் அலையும். அதே பட்டை டார்க் சாக்லேட் என்றால் 500 மில்லிகிராம். கிலோவுக்கு 83. இது உயிருக்கே உலை வைக்கும் அளவு. அதே டார்க் சாக்லேட்டை 30 கிலோ லேப்ரடார் தின்றிருந்தால் கிலோவுக்கு 17தான். வயிற்றுக் கோளாறோடு தப்பிவிட வாய்ப்பு அதிகம். ‘எங்க பக்கத்து வீட்டு நாய் சாக்லேட் தின்னுட்டு ஜம்முனு இருக்கே’ என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப்பட்ட பெரிய நாயையும் மில்க் சாக்லேட்டையும் பற்றியதாகவே இருக்கும்.

நம் பொமரேனியன் கோகோ பவுடர் பொட்டலத்தைக் கிழித்தது என்றால், மூன்று மேசைக்கரண்டி அளவு உள்ளே போனாலே வலிப்பு எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே கடைசி அலமாரியின் மேல்தட்டுக்குப் போக வேண்டியது இனிப்புப் பெட்டியைவிட அந்தப் பொட்டலம்தான்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைப்பார்கள். கரியை மருந்தாகக் கொடுத்து மிச்ச நஞ்சை உறிஞ்சவைப்பார்கள். தியோபுரோமினுக்கு இன்னொரு குணமும் உண்டு. சிறுநீர்ப்பையில் சேர்ந்த பிறகும் அதன் சுவர் வழியாக மறுபடி ரத்தத்துக்குள் ஏறும். அதனால்தான் சிகிச்சையில் இருக்கும் நாயை அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்கவிடுகிறார்கள், முடியாத நாய்க்குக் குழாய் வைக்கிறார்கள். 

பூனை சாக்லேட் பக்கம் வருவது அரிது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. சாக்லேட் அதற்கு ருசிப்பதில்லை. பூனைக்கான ஆபத்து வேறொரு பாத்திரத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

திராட்சை: இருபது ஆண்டுப் புதிர்

அமெரிக்காவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று நஞ்சு ஆலோசனை மையத்தை நடத்திவருகிறது. நாய் எதையாவது தின்றுவிட்டால் மருத்துவர்களும் வளர்ப்பவர்களும் அங்கே தொலைபேசியில் கேட்பார்கள். திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து சாவதை அந்த அழைப்புகளிலிருந்து கவனித்த மருத்துவர்கள், 2001ல் கால்நடை மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். ஆனால் திராட்சையில் உள்ள எது நஞ்சு என்று சொல்ல முடியவில்லை. பூச்சிமருந்தா என்று பார்த்தார்கள். மருந்தடிக்காத தோட்டத்துத் திராட்சையும் கொன்றது. பூஞ்சையா என்று பார்த்தார்கள். நல்ல பழமும் கொன்றது. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டு ஓடியாடியது, இன்னொன்று ஒரு கைப்பிடிக்கே சுருண்டது. எடைக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது 2021ல், திராட்சைக்குத் தொடர்பே இல்லாத ஓர் இடத்தில். குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டிலேயே செய்த மாவு உருண்டையைத் தின்ற நாய்க்கு அச்சு அசலாகத் திராட்சை நஞ்சின் அறிகுறிகள். அந்த மாவில் க்ரீம் ஆஃப் டார்ட்டார் என்ற புளிப்பு உப்பு கலந்திருந்தது. டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. திராட்சையில் நிறைய இருப்பதும் அதே அமிலம்தான். பழத்தின் ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப அதன் அளவு பெரிதும் மாறும். எடைக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

நம் சமையலறைக்குள் நுழையும் செய்தி இனிமேல்தான். டார்டாரிக் அமிலம் மிக அதிகமாக உள்ள உணவுப் பொருள்களில் ஒன்று புளி. க்ரீம் ஆஃப் டார்ட்டார் தின்ற நாய்களோடு, புளி தின்று அதேபோலச் சிறுநீரகம் பாதித்த நாய்களையும் சேர்த்து 2022ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நாயின் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் இந்த அமிலத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, நம் சிறுநீரகத்தைப்போல வெளியே தள்ள முடியாமல் திணறி அழிகின்றன என்று கருதப்படுகிறது.

அப்படியென்றால் சாம்பார் சாதம் சாப்பிட்ட நாயெல்லாம் சாகுமா? இல்லை. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து நான்கு பேருக்குச் செய்த சாம்பாரில், நாயின் பங்குக்கு வருவது மிகச் சிறிது. பயப்பட வேண்டியது அடர்த்தியான புளிக்கு. வெயிலில் காயவைத்த புளி உருண்டை, மரத்தடியில் உதிர்ந்த புளியம்பழம், புளியோதரைக்குக் காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல் ஆகியவற்றை நாய் தின்றுவிட்டால், திராட்சை தின்றதைப்போலவே பாவித்து உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் புளிக்குழம்புச் சோறு என்ற பழக்கத்தையும் கைவிடுவதே நல்லது.

உலர்திராட்சையில் தண்ணீர் வற்றிவிடுவதால் அமிலம் செறிந்திருக்கும். கிலோவுக்குச் சுமார் 3 கிராம் தின்ற நாய்க்கே சிறுநீரகம் பாதித்த பதிவு உண்டு. நம் 6 கிலோ பொமரேனியனுக்கு அது 18 கிராம்தான். ஒரு சின்னக் கைப்பிடி. பாயசத்துக்கு வறுத்து வைத்த கிண்ணத்தில் அதைவிட அதிகம் இருக்கும். கேக்கில், பன்னில் இருந்தாலும் இதே கதைதான்.

அறிகுறி வரும் வரிசையைக் கவனியுங்கள். முதல் நாளுக்குள் வாந்தி. பிறகு சோர்வு, உணவில் வெறுப்பு. வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில், உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டு, மூன்று நாளில் சிறுநீர் குறைந்து, பிறகு நின்றே போகும். அந்த நிலைக்குப் போன நாயை மீட்பது மிகக் கடினம். அறிகுறி எதுவும் இல்லாதபோதே மருத்துவர் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றச் சொன்னாலோ, மூன்று நாள் தொடர்ந்து கிரியேட்டினின் பரிசோதனை செய்யச் சொன்னாலோ ‘பில் போடப் பார்க்கிறார்’ என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கிடைக்கும் ஒரே அவகாசம் அதுதான்.

வெங்காயம்: ஐந்தாம் நாள் தெரியும் நஞ்சு

வெங்காயத்தை நறுக்கும்போது கண்ணைக் கரிக்கவைப்பவை கந்தகச் சேர்மங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைத் திரித்துக் கட்டியாக்கிவிடுகின்றன. ரத்தத் துளியைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பல அணுக்களின் ஓரத்தில் ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருப்பது தெரியும். கால்நடை மருத்துவர்கள் அதை ஹைன்ஸ் பாடி என்பார்கள். புள்ளி விழுந்த அணு சீக்கிரம் உடையும், அல்லது மண்ணீரல் அதைக் கழித்துவிடும். கழிவது அதிகமானால் ரத்தசோகை.

பூனைக்கு இந்தத் தாக்குதல் இன்னும் எளிது. ஹீமோகுளோபினில் இந்தப் பொருள்கள் வந்து பற்றிக்கொள்ளும் கந்தக முனைகள் மனிதனுக்கு 2, நாய்க்கு 4, பூனைக்கு 8. ஆகவே கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனைக்குப் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம். அதாவது மூன்று, நான்கு சின்ன வெங்காயம். நாய்க்குக் கிலோவுக்கு 15 கிராம் முதல் பாதிப்பு தெரியத் தொடங்கும். நம் பொமரேனியனுக்கு அது 90 கிராம், ஒரு நடுத்தரப் பெரிய வெங்காயம். ஒரே வேளையில் தின்ன வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் அணுக்கள் கழிந்துகொண்டே இருக்கும். பூண்டு, அளவுக்கு அளவு வெங்காயத்தைவிட வீரியம் கூடியது.

வதக்கினால், வேகவைத்தால் நஞ்சு போய்விடாதா? போகாது. பொடியாக்கினால் செறிவுதான் கூடும். சூப் பொட்டலம், சிப்ஸ், மசாலா நூடுல்ஸ் பலவற்றில் வெங்காயப் பொடி உண்டு.

பூனைக்கான ஆபத்து இருக்கும் பாத்திரம் எது என்பது இப்போது புரிந்திருக்கும். மீன் குழம்புச் சட்டி. சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிப் புளி கரைத்து ஊற்றிய குழம்பில் ஊறிய மீன் தலையை, ‘பாவம், மியாவ்னு கத்துது’ என்று எடுத்துப் போடுகிறோம். சதையோடு ஒட்டிவரும் வெங்காயக் கூழைப் பூனை நக்கித் தின்றுவிடும். நாய்க்குக் கோழிக் குழம்பும் பிரியாணி மிச்சமும் இப்படித்தான்.

வெங்காயத்தின் கடிகாரம்தான் எல்லாவற்றிலும் மெதுவானது. முதல் நாள் லேசான வாந்தியோடு போய்விடலாம், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உண்மையான அறிகுறி வரும். ஞாயிற்றுக்கிழமை தின்ற பிரியாணிக்கு வியாழக்கிழமை நாய் படியேற முடியாமல் மூச்சிரைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். புதன்கிழமை கொடுத்த புது பிஸ்கட் மேல்தான் வீட்டார் பழியைப் போடுவார்கள். மருத்துவரிடம் போகும்போது நேற்றைய சாப்பாட்டை மட்டும் சொல்லாமல் ஒரு வாரச் சாப்பாட்டையும் நினைவுபடுத்திச் சொல்வது இதனால்தான் முக்கியம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. உதட்டை மேலே தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். ஈறு வெளிறியோ, மஞ்சள் பாய்ந்தோ, பழுப்பாகவோ இருந்தால் அன்றே மருத்துவமனை. சில நாய்களுக்கு இயல்பிலேயே ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம். நிலைமை முற்றினால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். தாக்குப்பிடித்தால் எலும்பு மஜ்ஜை ஓரிரு வாரத்தில் புது அணுக்களை உற்பத்தி செய்து ஈடுகட்டிவிடும்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. உடம்பு சுடுகிறது என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பூனையின் சிவப்பணுவை இதே பாணியில் தாக்குகிறது. நாம் போடும் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

“எங்க தாத்தா காலத்துல...”

‘ஊர்ல காலங்காலமா நாய்க்குக் குழம்புச் சோறுதானே போட்டோம்?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வாசலில் கிடந்த நாட்டு நாய்க்கு எடை 20 கிலோ. கிடைத்தது நாலு வீட்டுச் சோறு, கஞ்சி, எலும்பு. அதில் வெங்காயத்தின் பங்கு குறைவு. லேசான ரத்தசோகை வந்தாலும் யாரும் கவனிக்கவில்லை. புது ரத்தம் ஊறித் தானாகச் சரியானது. சரியாகாத நாய் எங்கோ போய்ச் செத்தது. காரணம் கேட்க ஆள் இல்லை. இன்று அடுக்குமாடி வீட்டில் இருப்பது 4 கிலோ ஷிட்சு. பிரிட்ஜில் சாக்லேட், டப்பாவில் உலர்திராட்சை, வாரம் இரண்டு முறை பிரியாணி. நாய் சிறுத்துவிட்டது, தட்டு பெருத்துவிட்டது.

புதிதாக வந்த நஞ்சும் ஒன்று இருக்கிறது. சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில பற்பசைகள், சில வேர்க்கடலை வெண்ணெய்களில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு. நாயின் கணையம் இதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழும். இந்தப் பட்டியலில் மிக வேகமான கடிகாரம் இதுதான். பொருளை வாங்கும்போதே உறையைப் படித்துவிடுங்கள்.

தின்றுவிட்டது... இப்போது?

அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கு தகவல்களையும் குறித்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கிழிந்த உறையைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். கோகோ எத்தனை சதவீதம், எத்தனை கிராம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது பழைய வைத்தியம். அதைச் செய்யவே கூடாது. ரத்தத்தில் உப்பு ஏறி மூளை பாதித்து, நஞ்சைவிட வேகமாக வைத்தியமே கொன்றுவிடும். பால், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் நஞ்சை முறிக்காது. மயக்கத்திலோ வலிப்பிலோ இருக்கும் பிராணியின் வாயில் எதையும் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். பூனைக்கு வீட்டில் வாந்தி எடுக்கவைக்கப் பாதுகாப்பான வழி எதுவும் இல்லை. இரவு நேரத்தில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைப் போனில் பதிந்துவையுங்கள்.

வீட்டுச் சாப்பாடு போடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வெந்த சோறு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த முள்ளெடுத்த மீன், எலும்பில்லாத கோழி, அவித்த முட்டை, கேரட் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாய், பூனையின் பங்கை வெங்காயமும் பூண்டும் புளியும் சேருவதற்கு முன்பே தனியாக எடுத்து வேகவைத்துவிடுங்கள். நாம் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதைப் போடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.